கூட வந்தவன் குத்தினால் எனக்கும் கொலைக் குற்றமா?

கேள்வி: என் தம்பி யாரையும் தொடவில்லை. நண்பன் உள்ளே போய்க் குத்தியபோது இவன் வாசலில் பைக்கோடு நின்றான். கொலை வழக்கில் இவன் மீதும் 3(5) போட்டிருக்கிறார்களே?

3(5) தனிக் குற்றமல்ல. பழைய ஐ.பி.சி. 34-ஐத்தான் பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்படி எண்ணிட்டிருக்கிறார்கள். பலர் சேர்ந்து, ஒரு பொது எண்ணத்தோடு ஒரு குற்றம் செய்தால், ஒவ்வொருவரும் தானே செய்ததைப் போலப் பொறுப்பாவார்.

வாசலில் நின்றான் என்பது மட்டும் காப்பாற்றாது. 1923-ல் கல்கத்தா சங்கரிதோலா தபால் நிலையத்தில் கொள்ளைக்கு வந்தவர்கள் போஸ்ட் மாஸ்டரைச் சுட்டுக் கொன்றார்கள். பிடிபட்ட பரேந்திர குமார் கோஷ், ‘நான் வெளியேதான் நின்றேன்’ என்றார். அது உண்மையாகவே இருந்தாலும் தப்ப முடியாது என்றது, அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். காவலுக்கு நிற்பதும் திட்டத்தில் ஒரு வேலைதானே.

ஆகவே தம்பிக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி. நண்பனிடம் கத்தி இருந்தது தெரியுமா? வண்டியை ஸ்டார்ட் செய்தே வைத்திருந்தானா? எதுவும் தெரியாமல் நின்றவனை வெறும் நட்பை வைத்துத் தண்டிக்க முடியாது.

கேள்வி: அண்ணனை அடிக்கிறார்கள் என்று கேட்டு நானும் மாமாவும் ஓடினோம். மாமா வெட்டிவிட்டார். இருவரும் சேர்ந்தே ஓடினோம் என்பதால் எண்ணமும் ஒன்றுதான் என்கிறது போலீஸ்.

மெகபூப் ஷா வழக்கு (1945) உங்கள் கதைக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது. சிந்து நதிக்கரையில் நாணல் அறுத்துப் படகில் திரும்பியவர்களோடு குலாம் காசிம் ஷாவுக்குத் தகராறு. அடிபட்ட அவர் கூப்பாடு போட, வலி ஷாவும் மெகபூப் ஷாவும் துப்பாக்கியோடு ஓடிவந்தார்கள். வலி சுட்டதில் அல்லா தாத் இறந்தார். மெகபூப் சுட்டதில் இன்னொருவருக்குக் காயம். வலி தலைமறைவாகிவிட, மெகபூபுக்குத் தூக்கு விதித்தார்கள்.

பிரிவி கவுன்சில் அந்தக் கொலைத் தீர்ப்பை ரத்து செய்தது. உறவினரை மீட்கவேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் ஒரே மாதிரி இருந்தது. ஆனால் சேர்ந்து கொல்வோம் என்று இருவரும் ஒத்துப்போனதற்குச் சாட்சியம் இல்லை. ஒரே மாதிரி எண்ணம் வேறு, பொது எண்ணம் வேறு.

ஆனால் ஒன்று. முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்பதில்லை. சம்பவ இடத்திலேயே அந்த ஒப்புதல் பிறக்கலாம். மாமா வெட்டும்போது நீங்கள் எதிராளியின் கையைப் பிடித்திருந்தால் நிலைமை தலைகீழ். நீங்கள் அதை எழுதவில்லை. வக்கீலிடமாவது மறைக்காதீர்கள்.

கேள்வி: நான்கு பேர் மீது 190 போடலாமா?

அதே சன்ஹிதாவின் 190, சட்டவிரோதக் கூட்டத்தின் நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு மற்றவர்களையும் பொறுப்பாக்குவது; அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். நால்வரோடு அடையாளம் தெரியாத வேறு சிலரும் இருந்ததாக நிரூபித்தால் 190 நிற்கும். அந்தச் ‘சிலர்’ பற்றிச் சாட்சிகள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று குற்றப்பத்திரிகையில் பாருங்கள்.