பிரியாவிடை விழாவில் வரவேற்புரை: நான்கு நிமிடத்துக்குள், மனதிலிருந்து

கேள்வி: நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் சீனியர்களின் பிரியாவிடை விழாவில் வரவேற்புரை எனக்கு. நாலு நிமிஷத்தைத் தாண்டக்கூடாது என்று எங்கள் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எழுதிப் படித்தால் ஆறு நிமிஷம் வருகிறது, ஆனாலும் யாரோ எழுதிக்கொடுத்த மாதிரி இருக்கிறது. ஸ்பெக்ட்ரோமீட்டர் சொல்லிக்கொடுத்த ஓர் அக்காவைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. நேரத்துக்காக அதை எடுத்துவிடலாமா? மேடையில் அழுதுவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. எழுதியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். வேறு எதை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

உங்கள் தாளைப் படித்தபோது முதலில் கண்ணில் பட்டது, எல்லாருடைய பெயரும் இரண்டு முறை வருவதுதான். தொடக்கத்தில் 'மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, துறைத்தலைவர் அவர்களே' என்று வரிசையாக விளிக்கிறீர்கள். அடுத்த பத்தியில் அதே ஆட்களை, அதே வரிசையில், 'முதல்வர் அவர்களை வருக வருக என இருகரம் கூப்பி வரவேற்கிறேன்' என்று மறுபடியும் அழைக்கிறீர்கள். மேடைப் பேச்சு எழுதும் மாணவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்கிறார்கள். விளிப்பது மற்ற பேச்சாளர்களுக்குத் தேவை. வரவேற்புரை ஆற்றுபவருக்கு வரவேற்பதே விளிப்பதுதான். அதனால் 'அனைவருக்கும் வணக்கம்' என்ற இரண்டு சொற்களோடு முதல் பட்டியல் முடிந்துவிடட்டும். இதிலேயே ஒரு நிமிடம் மிச்சம்.

மீதமுள்ள ஒரு பட்டியலும் நீங்கள் நினைப்பதைவிட நேரம் தின்னும். வீட்டில் படிக்கும்போது யாரும் கைதட்டுவதில்லை. அரங்கில் ஒவ்வொரு பெயருக்கும் தட்டுவார்கள். தட்டி ஓய ஐந்து முதல் எட்டு வினாடி. மேடையில் ஆறு பேர் என்றால் முக்கால் நிமிடம் வரை கைதட்டலுக்கே போகும். எனவே மேடையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பெயர், பதவி சொல்லித் தனித்தனியாக வரவேற்றால் போதும். கீழே இருக்கும் பேராசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், ஆய்வக உதவியாளர்கள் எல்லாரையும் சேர்த்து ஒரே வாக்கியம். ஆய்வக உதவியாளர்களை விட்டுவிடாதீர்கள். உங்கள் தாளில் அவர்கள் இல்லை. சிறப்பு விருந்தினரைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு வரி சொல்லலாம். அதற்கு முன், அவரை அறிமுகம் செய்ய வேறு மாணவர் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். இருந்தால் அந்த ஒரு வரியும் வேண்டாம்.

பெயர்களில் இன்னொரு வேலை இருக்கிறது. முன்னெழுத்து, முனைவர் பட்டம், சரியான பதவிப் பெயர், யாருக்குப் பின் யார் என்ற வரிசை எல்லாவற்றையும் விழாப் பொறுப்பாசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழைப் பார்த்து எழுதியது போதாது. அச்சான பிறகு ஆள் மாறுவது சகஜம். ஒரு பெயருக்கு ஒரு வரி என்று எழுதி வைத்தால், வராதவரின் பெயரைக் கடைசி நேரத்தில் ஒரே கோட்டில் அடித்துவிடலாம். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து சேர்ந்தால் பதற வேண்டாம். கையிலிருக்கும் வாக்கியத்தை முடித்து, அவரை ஒரு வரியில் வரவேற்று, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

சரி, இப்போது உங்கள் இரண்டாம் பக்கம். கூட்டை விட்டுப் பறக்கும் பறவைகள், கடலைத் தேடும் நதி, கல்லூரி என்னும் சோலை, அதன் கீழே எட்டு வரிக் கவிதை. நீங்களே 'யாரோ எழுதிக்கொடுத்த மாதிரி' என்று சொன்னது இந்தப் பக்கத்தைத்தான் என்று நினைக்கிறேன். ஒரு சோதனை சொல்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, 'இதை வேறு கல்லூரியில், வேறு துறையில், வேறு வருடம் அப்படியே படிக்க முடியுமா?' என்று கேளுங்கள். முடியும் என்றால் அடித்துவிடுங்கள். 'அன்பும் பண்பும் அறிவும் ஆற்றலும் நிறைந்த எங்கள் சீனியர்கள்' அந்தச் சோதனையில் தேறாது. உங்கள் இரண்டாம் பக்கத்தில் தேறியது ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றுதான். அதுவும் 'ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் கற்றுக்கொடுத்த அக்காவை மறக்க முடியாது' என்று சுருங்கிப்போய்க் கிடக்கிறது. மறக்க முடியாது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். என்ன நடந்தது என்று சொன்னால், நீங்கள் மறக்கவில்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

நான் ஊகித்து விரித்துப் பார்த்தேன். நடந்தது வேறாக இருந்தால் நடந்ததையே எழுதுங்கள். இதை அளவுக்கு மட்டும் பாருங்கள்.

'முதல் ஆண்டு, எங்களுடைய இரண்டாவது லேப். ஸ்பெக்ட்ரோமீட்டரில் எனக்கு இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அரை மணி நேரமாகத் திருகிக்கொண்டே இருந்தேன். ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வந்த ஓர் அக்கா, என்னைப் பார்த்துவிட்டு நின்றார். "மொதல்ல டெலஸ்கோப்ப ஜன்னல் பக்கம் திருப்பு. தூரத்துல அந்த மரம் தெளிவாத் தெரியுதா? இனிமே அந்த ஃபோகஸத் தொடாத. இப்ப இந்தப் பக்கம் கொண்டுவந்து கோலிமேட்டர மட்டும் சரிபண்ணு" என்றார். வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் அக்கா இல்லை, கையெழுத்து வாங்கப் போய்விட்டார். என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. அக்கா, இந்த வருடம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நானும் அதே ஜன்னலைத்தான் காட்டுகிறேன்.'

இதைப் பேச முக்கால் நிமிடம் போதும். அக்கா பேசியதைப் பேச்சுத் தமிழிலேயே விட்டிருப்பதைக் கவனியுங்கள். அதை எழுத்துத் தமிழாக்கி 'தொலைநோக்கியைச் சாளரத்தை நோக்கித் திருப்புக' என்று வாசித்தால் அக்காவும் காணாமல் போய்விடுவார், அரங்கும் சிரிக்கும். பெயரைச் சொல்லலாமா என்றால், என் விருப்பம் வேண்டாம் என்பது. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் தங்கள் பெயருக்குக் காத்திருப்பார்கள். பெயரில்லாவிட்டாலும் அந்த அக்காவுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஓர் ஆசை வரும், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். 'தூரத்தைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பது தெளிவாகும், வாழ்க்கையும் அப்படித்தான்' என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். அதைச் சேர்த்த கணமே அது அக்காவின் கதையாக இல்லாமல் உங்கள் அறிவுரையாகிவிடும்.

அந்தச் சம்பவத்திலிருந்து எல்லாச் சீனியர்களுக்கும் போக ஒரு பாலம் வேண்டும். 'இங்கே இருக்கும் ஜூனியர்கள் பலருக்கும் இப்படி ஓர் அண்ணனோ அக்காவோ இருக்கிறார்' என்ற ஒரு வாக்கியம் போதும். அப்புறம் வரவேற்பு. போகிறவர்களை எப்படி வரவேற்பது என்று உங்கள் தாள் தடுமாறியிருக்கிறது. பாதியிலேயே 'சென்று வாருங்கள்' என்று வாழ்த்த ஆரம்பித்துவிட்டீர்கள். வழியனுப்ப வேறு பேச்சாளர்கள் வருவார்கள், நன்றி சொல்ல நன்றியுரைக்காரர் இருக்கிறார். நீங்கள் சொல்ல வேண்டியது வேறு. இத்தனை நாளும் துறையின் ஒவ்வொரு விழாவையும் நடத்தியவர்கள் அவர்கள். அதாவது, இன்றுதான் முதன்முதலாக அவர்கள் விருந்தினர்கள். அதை இப்படிச் சொல்லலாம்: 'போன விழா வரைக்கும் நாற்காலி தூக்கிப் போட்டவர்கள் நீங்கள். இன்றைக்கு நாற்காலி போட்டது நாங்கள். நீங்கள் உட்காருங்கள். எங்கள் விருந்தினர்களாக, வாருங்கள்.' போன விழாவில் நாற்காலி போட்டது உண்மையிலேயே அவர்கள்தானா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி நேரக் கணக்கு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. மைக்கில் நிறுத்திப் பேசும் மாணவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 90 முதல் 100 சொல் பேசுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அளவு என்ன என்று தெரிய, நின்றுகொண்டு, கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலில் ஒரு நிமிடம் படித்துச் சொற்களை எண்ணுங்கள். உட்கார்ந்து முணுமுணுத்துப் படித்த கணக்கு செல்லாது. வணக்கத்துக்கும் முதல் வாக்கியத்துக்கும் கால் நிமிடம், பெயர்களுக்குக் கைதட்டலோடு ஒன்றேகால் நிமிடம், சீனியர்களுக்கு ஒன்றரை நிமிடம், முடிக்கக் கால் நிமிடம் என்று வைத்தால் மூன்றேகால் நிமிடம் ஆகிறது. மிச்சமுள்ள முக்கால் நிமிடத்தை நிரப்பாதீர்கள். மைக் கீச்சிடும், சீனியர்கள் கத்துவார்கள், யாராவது தாமதமாக மேடை ஏறுவார்கள்; அதற்கெல்லாம் அந்த நேரம் வேண்டும். தாளில் 260 சொல்லுக்கு மேல் இருந்தால் குறையுங்கள். குறைக்கும்போது பெயர்களில் கை வைக்க முடியாது, அடைமொழிகளில் வையுங்கள்.

அழுகையைப் பற்றி. அது எங்கே வரும் என்று ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். சத்தமாக நாலைந்து முறை படித்தால் ஒரே இடத்தில் தொண்டை அடைக்கும். உங்கள் விஷயத்தில் அது 'அதே ஜன்னலைத்தான் காட்டுகிறேன்' என்ற இடமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லக்கூடிய நீளத்துக்குச் சுருக்குங்கள். சொன்னதும் வாயை மூடி, மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, இரண்டு வினாடி நில்லுங்கள். அங்கே எப்படியும் கைதட்டல் வரும், யாருக்கும் தெரியாது. அடுத்த வாக்கியம் உணர்ச்சியில்லாத சாதாரண வாக்கியமாக இருக்கட்டும். நாற்காலி வாக்கியம் சிரிப்பும் வரவழைக்கும் என்பதால் அந்த இடத்துக்குப் பொருத்தம். அப்படியும் குரல் உடைந்தால் மன்னிப்புக் கேட்காதீர்கள். 'மன்னிக்கவும், கொஞ்சம் எமோஷனல் ஆகிவிட்டேன்' என்று சொன்னால்தான் அது பெரிதாகும். நின்று, மறுபடியும் அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் வாக்கியம், ஸ்பெக்ட்ரோமீட்டர் சம்பவம், கடைசி வாக்கியம் மூன்றும் தாள் பார்க்காமல் வரட்டும். பெயர்களைப் பார்த்தே படியுங்கள், அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. உள்ளங்கை அளவு அட்டை இரண்டு போதும். கைப்பேசியைப் பார்த்துப் படிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சரியாக முதல்வர் பெயர் வரும்போது திரை அணைந்து நின்ற ஒரு மாணவனை நான் பார்த்திருக்கிறேன், பாவம்.

கடைசி வாக்கியம் முடிந்ததும் 'வணக்கம்' சொல்லி, மைக்கைத் தொகுப்பாளர் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள். திரும்பி வந்து 'ஒரு நிமிடம், சொல்ல மறந்துவிட்டேன்' என்பது மட்டும் வேண்டாம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால், தொகுப்பாளர் காதில் சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார்.