இரவில் பால் கொடுக்கும்போது கண் அயர்ந்தால்: பிரசவ வார்டு செவிலியரிடம் கேளுங்கள்

குழந்தைக்கு ஐந்து வாரம். கணவரின் தூக்கம் கெட வேண்டாமே என்று ஹால் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுக்கிறேன். நேற்று அப்படியே அயர்ந்துவிட்டேன்.

சோபாவை இன்றோடு விட்டுவிடுங்கள், சகோதரி. தூக்கம் வந்ததும் கை தளரும். குழந்தை உங்கள் உடம்புக்கும் சாய்மானத்துக்கும் நடுவே சரியும். மூக்கு அழுந்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்ள அதன் கழுத்தில் வலு இல்லை. அழவும் முடியாது என்பதால் நீங்கள் விழிக்கவும் மாட்டீர்கள். சாய்வு நாற்காலியும் இப்படித்தான்.

தூங்கிவிடுவோம் என்று தோன்றினால் சோபாவைவிடப் படுக்கையில் ஆபத்து குறைவு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2022 வழிகாட்டலில் சொல்கிறது. குறைவுதான், ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. ஆகவே படுப்பதற்கு முன்பே இடத்தைத் தயார் செய்யுங்கள். தரையில் கெட்டியான மெத்தை, சுவரை ஒட்டாமல். அழுத்தினால் குழிகிற இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம். தலையணை உங்கள் தலைக்கு மட்டும், போர்வை உங்கள் இடுப்புவரை மட்டும். கூந்தலை முடிந்துகொண்டு, நீளச் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். குழந்தையைப் பார்த்து ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கீழ்க்கையை அதன் உச்சந்தலைக்கு அப்பால் மெத்தையில் வையுங்கள். பால் குடித்ததும் பக்கத்திலுள்ள அதன் தனிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நடுவில் அயர்ந்துவிட்டால், விழித்த உடனே மாற்றுங்கள்.

படுத்துக்கொண்டு கொடுத்தால் காதில் பால் போகும் என்கிறார் மாமியார். சரியா?

பாதி சரி. குழந்தையை மல்லாக்கப் போட்டுப் பாட்டிலில் கொடுத்தால் காதில் தொற்று வரலாம். ஒருக்களித்துத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நன்றாக விழித்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்தே கொடுங்கள், அத்தைக்கும் நிம்மதி.

நான் அப்பா. மூன்று மணிப் பாட்டில் என் பொறுப்பு. சளி மாத்திரை சாப்பிடுகிறேன். நானும் தரை மெத்தையில் கொடுக்கலாமா?

வேண்டாம். அந்த யோசனை தாய்ப்பால் தருபவருக்கானது. சளி மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவழைப்பவை. அது தீரும்வரை வேறொருவர் கொடுக்கட்டும். பிறகு விளக்கைப் போட்டு, நிமிர்ந்த மர நாற்காலியில் உட்கார்ந்து கொடுங்கள். புகைபிடிப்பவரும் மது அருந்தியவரும் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது.

என் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்தது, 1.9 கிலோ. எனக்கும் அதே மெத்தைதானா?

இல்லை அம்மா. குறைமாதத்தில் பிறந்த, 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தையோடு ஒரே படுக்கையில் தூங்குவது மிகவும் ஆபத்து. நிமிர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து கொடுங்கள். உங்கள் அம்மாவோ கணவரோ எதிரே விழித்திருந்து, குடித்து முடித்ததும் குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும். இரவுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டால் அவர்களுக்கும் தாங்கும்.

பேசாமல் தூளியில் போட்டால் என்ன? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை அப்படித்தான் வளர்ந்தது.

தூளியில் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் இடித்து, மூச்சு தடைபடலாம். பகலில் ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாலும் எனக்குத் தயக்கம்தான். இரவில் எல்லோரும் தூங்கும்போது வேண்டவே வேண்டாம்.

பாட்டி ஒப்புக்கொள்ள மாட்டார்.

துணியை இழுத்து, தாடை எங்கே இருக்கிறது என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.