பள்ளி கோத்தோங் ரோயோங்குக்குப் போன நாளை ஆண்டு விடுப்பில் கழித்துவிட்டார்கள்

"நம்ம எஸ்டேட் தமிழ்ப்பள்ளி கோத்தோங் ரோயோங்குக்கு வெள்ளிக்கிழமை போனேன், தன்னார்வ விடுப்புல போகவான்னு கேட்டதுக்கு மேனேஜர் வாய்வார்த்தையா சரின்னாரு, இப்ப ஆண்டு விடுப்புல ஒரு நாள் குறையுது. திரும்பக் கிடைக்குமா?"

கிடைக்கலாம், ஆனால் சட்டத்தைக் காட்டிக் கேட்காதீங்க. மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் தன்னார்வ விடுப்பு என்றே ஒன்று இல்லை, அது முழுக்க உங்கள் கம்பெனி கொடுக்கும் சலுகை. அதனால் முதலில் விதிப்புத்தகத்தை எடுத்து, வேலை நிரந்தரமானவர்களுக்கு மட்டுமா, ஒப்பந்த ஆட்களுக்கும் உண்டா, முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வேண்டுமா என்று பாருங்க. பெரும்பாலும் சிக்கல் அந்த வாய்வார்த்தையில்தான். மேனேஜர் தலையாட்டினாலும் மனிதவளப் பிரிவுக்குத் தாள் போகாவிட்டால் அவர்கள் ஆண்டு விடுப்பில்தான் போடுவார்கள்.

தலைமையாசிரியரிடம் தேதியும் நேரமும் போட்ட கடிதம் வாங்கி, மேனேஜரிடம் 'நான் அனுமதித்தேன்' என்று மின்னஞ்சலில் எழுதச் சொல்லி, இரண்டையும் சேர்த்து விடுப்பு வகையை மாற்றக் கேளுங்க. மணிக்கணக்கில் பதியும் கம்பெனி என்றால், காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை பள்ளியில் வேலை செய்ததற்கு அரை நாள்தான் திரும்பும், மதியம் வேலைக்குப் போகாத மீதி அரை நாள் ஆண்டு விடுப்பிலேயே நிற்கும். அப்புறம், உங்கள் கம்பெனியில் தன்னார்வ விடுப்பும் ஆண்டு விடுப்பு போலச் சம்பள விடுப்பு என்றால் சம்பளச் சீட்டில் வித்தியாசம் தெரியாது, விடுப்பு இருப்பைப் பாருங்க.