முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் அலாரம் எப்படி வைப்பது?

"அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன். உடற்பயிற்சி, காயத்தைக் காட்டப் போகும் நாள், ஓய்வு, இதையெல்லாம் போனில் எப்படி நினைவூட்டுவது? நிறைய அலாரம் வைத்துப் பார்த்தேன், எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்."

நான் பிசியோதெரபிஸ்ட், இப்படிப்பட்டவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. அம்மா அணைத்துவிடுவதில் ஆச்சரியமில்லை, ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் உடற்பயிற்சி அலாரம் அடிக்கும் நேரத்தில் கால் வலி உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் முழங்காலை மடக்கு என்றால் யாராக இருந்தாலும் போனைத் திருப்பி வைத்துவிடுவார்கள். அதனால் முதலில் வலி மாத்திரை எத்தனை மணிக்கு என்று பாருங்கள், மற்ற எல்லா நேரத்தையும் அதிலிருந்து கணக்குப் போடுங்கள்.

வாய்வழி மாத்திரை வேலை செய்ய ஏறக்குறைய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். காலை 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுகிறார் என்றால் 8:45க்கு உடற்பயிற்சி, அது 20 அல்லது 25 நிமிடம், அது முடிந்ததும் 9:10க்குக் காலை உயர்த்திப் படுத்து, மெல்லிய துணி சுற்றிய ஐஸ் பை 15 நிமிடம். மாத்திரை, பயிற்சி, ஓய்வு மூன்றும் ஒரே தொடராகப் போகும். இந்தத் தொடர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மருத்துவமனையில் மூன்று வேளை செய்யச் சொல்லியிருந்தால் மதியமும் ஒன்று. மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம், சீட்டில் எழுதியிருக்கும் நேரத்தைச் சுற்றித்தான் மற்றதை அமைக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை இருந்தால் அதற்குத் தனி அலாரம், தினமும் அதே நேரம்.

அடுத்தது அலாரத்தின் பெயர். "உடற்பயிற்சி" என்று மட்டும் திரையில் வந்தால் அம்மாவுக்கு அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. "முழங்காலைக் கட்டிலில் அழுத்தி 5 எண்ணு, 10 தடவை" என்று வந்தால் செய்வார். அதற்கடுத்து "குதிகாலைக் கட்டிலோடு இழுத்து முழங்காலை மடக்கு, 10 தடவை". உங்கள் பிசியோ கொடுத்த பட்டியலில் இருப்பதை அவர் சொன்ன எண்ணிக்கையோடு அப்படியே எழுதுங்கள், பெரிய எழுத்தில். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவையாவது செய்ய வேண்டியது, கெண்டைக்காலில் ரத்தம் தேங்காமல் இருக்க அது உதவும். ஆனால் இதற்கு மணிக்கு மணி அலாரம் வைக்காதீர்கள், மற்ற அலாரங்களுக்கும் அவர் காது மரத்துப்போகும். டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம், போனில் பேசும்போதெல்லாம் என்று ஏதாவது ஒரு பழக்கத்தோடு ஒட்டிவிடுங்கள்.

ஓய்வுக்கு எதற்கு அலாரம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள், என் அனுபவத்தில் அதுதான் அதிகம் தேவைப்படுகிறது. நான் பார்த்த ஒரு அம்மா நல்ல சுறுசுறுப்பு. வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் ஒரு நாள் வலி குறைவாக இருக்கவே வாக்கரோடு வீடு முழுக்க நடந்தார், மாலை முழுக்க நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து உறவினர்களோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை முழங்கால் பந்து போல வீங்கி, முந்தின நாள் வளைந்த அளவில் பாதிகூட வளையவில்லை. பழைய நிலைக்குத் திரும்பச் சில நாள் பிடித்தது. அவர் மகளிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, உட்கார்ந்தால் 45 நிமிடத்தில் ஒரு அலாரம், எழுந்து நான்கு எட்டு நடக்கவோ காலை உயர்த்திப் படுக்கவோ. இன்னொன்று, காலையில் கண் விழித்ததும் நேற்றைய காலையைவிட வீக்கமோ வலியோ கூடியிருக்கிறதா என்று பார்ப்பது. கூடியிருந்தால் அன்றைக்கு நடையையும் பயிற்சி எண்ணிக்கையையும் பாதியாக்க வேண்டும், அடியோடு நிறுத்திவிடக் கூடாது. இந்த ஒரு கேள்வியையே காலை அலாரத்தின் பெயராக வைத்தார் அவர், அது நன்றாக வேலை செய்தது.

படுக்கும் விதத்தையும் ஓய்வு அலாரத்தில் எழுதிவிடுங்கள்: "தலையணை குதிகாலுக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழே வேண்டாம்". முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மணிக்கணக்கில் அப்படியே மடங்கிக் கிடக்கிற கால் பிறகு நேராக நீள மறுக்கும், நேராக நீளாத காலில் நடந்தால் நொண்டல் வரும். அப்புறம், இரவில் எந்த அலாரமும் வேண்டாம், மருந்துக்கு அவசியம் என்று மருத்துவர் சொன்னாலொழிய. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுதலாகத் தெரியும்.

இனி காயம். தையலோ கிளிப்போ எடுப்பது பொதுவாக 10 முதல் 14 நாளுக்குள் வரும், சரியான தேதி டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். இதற்கு அலாரம் போதாது, காலண்டரில் இரண்டு நினைவூட்டல் போடுங்கள். முதலாவது முந்தின நாள் மாலை: வண்டி சொல்லியாயிற்றா, டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரைப் பட்டியல், கேட்க நினைத்த கேள்விகள் எழுதிய தாள் எடுத்து வைத்தாயிற்றா. இரண்டாவது அன்றைக்கு, கிளம்புவதற்கு முக்கால் மணி முன்னால். மாத்திரை வேளை அதை ஒட்டி வருகிற மாதிரி அப்பாயின்ட்மென்ட் நேரத்தைக் கேட்டு வாங்கினால், வண்டியில் காலை மடக்கி உட்காரும் வலியும் கிளிப் எடுக்கும்போது வரும் சுருக்கென்ற வலியும் தாங்கும்படி இருக்கும்.

தினமும் காலையில் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் காயப் பகுதியை ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கட்டைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தால் பிரிக்க வேண்டாம், கட்டையும் சுற்றியுள்ள தோலையும் எடுத்தால் போதும். முழங்காலைச் சுற்றிக் கொஞ்சம் சூடும் கன்றிய நிறமும் சில வாரம் இருப்பது வழக்கம். சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, கட்டு தொடர்ந்து நனைவது, சீழ், கெட்ட வாடை, காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் காலண்டர் தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தாலும் அப்படியே. திடீரென்று மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காமல் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும், இதைப் பகலில் அம்மாவோடு இருப்பவரிடமும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் வேலையில் இருக்கும்போது அலாரத்தை அணைத்தாரா செய்தாரா என்று போன் உங்களுக்குச் சொல்லாது. கட்டில் பக்கத்தில் ஒரு தாள், ஒரு பேனா, செய்ததும் ஒரு டிக். மாலையில் வந்து பாருங்கள், எந்தப் பயிற்சி வேளை தொடர்ந்து காலியாக இருக்கிறதோ அந்த அலாரத்தின் நேரம்தான் தவறு, அதை அரை மணி தள்ளி வைத்துப் பாருங்கள்.