மேலாளரின் பேச்சும் எழுதுபவரின் காதும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றுகிறேன். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று எங்கள் மேலாளர் தொழிலாளர்களிடம் எட்டு நிமிடம் பேச வேண்டும். எழுதித் தருவது என் பொறுப்பு. இரண்டு முறை எழுதிக் கொடுத்தும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் பேசற மாதிரி இல்லையே" என்கிறார். உட்கார்ந்து பேச அவருக்கு நேரமில்லை. காலைக் கூட்டங்களில் நான் இருக்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அங்கே எதைக் கவனிப்பது?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

கிருஷ்ணகிரிக்கு அருகில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் மேலாளருக்காக, மா விவசாயிகள் கூட்டத்தில் அவர் பேசவேண்டிய உரையை ஒருமுறை எழுதினேன். என் முதல் வரைவு "தரமான மூலப்பொருளே தரமான உற்பத்திக்கு அடிப்படை" என்று தொடங்கியது. அவர் அதைப் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டார்.

அதன்பிறகுதான், கூட்டத்தில் இருந்த எல்லோரிடமும் சொல்லி, அவர்கள் ஒப்புதலோடு மூன்று காலைக் கூட்டங்களைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். எல்லாவற்றையும் எழுதி எடுக்கத் தேவையில்லை. உத்தரவிடும்போதும் கணக்குக் கேட்கும்போதும் எல்லா மேலாளர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். ஒரு விஷயத்தை ஒருவருக்குப் புரியவைக்க ஒரு நிமிடமாவது தொடர்ந்து பேசும் இடங்களில்தான் அவரவர் குரல் வெளிப்படுகிறது. அந்த இடங்களை மட்டும், இழுவையும் தயக்கமும் உட்பட, திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்படிக் கிடைத்த ஒரு பகுதி இது: "நேத்து மூணாவது வண்டியில வந்த காயைப் பாத்தீங்களா? விளையாத காயைப் பறிச்சுட்டாங்க. அது பழுக்காது, வதங்கும். யாரு அனுப்புனாங்கன்னு கேட்டு, அவங்களுக்கு இன்னிக்கே போன் பண்ணுங்க. அடுத்த லோடும் இப்படி வந்தா என்ன பண்ணுவீங்க?" இதே அமைப்பு மற்ற இடங்களிலும் திரும்பத் திரும்ப வந்தது. அவர் கருத்தில் தொடங்குவதே இல்லை. நேற்று கண்ணால் பார்த்த ஒன்றில் தொடங்கி, காரணத்தைச் சொல்லி, செய்யவேண்டியதைச் சொல்லி, கேள்வியில் நிறுத்துவார். 'பறிக்கப்பட்டது' என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை; யாரோ ஒருவர் பறித்திருப்பார். உங்கள் வரைவில் 'பின்பற்றப்பட வேண்டும்' எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்; அவருக்கு அந்நியமாகப்பட்டது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு தவறு எளிதில் நேரும், எனக்கும் நேர்ந்தது. "என்ன நான் சொல்றது?" என்பது அவர் வாயில் ஓயாமல் வரும் தொடர். உரையில் அதை ஏழு இடங்களில் வைத்தேன். படித்துப் பார்த்த அலுவலக நண்பர்கள் சிரித்தார்கள், ஏனென்றால் அது அவரைப்போல நடித்துக் காட்டுவதாக ஆகிவிட்டது. இரண்டாகக் குறைத்தபோது சரியாக அமைந்தது. "அதை விடுங்க, விஷயத்துக்கு வாங்க" என்பதும் அவருடைய தொடர்தான். ஆனால் தன்கீழ் வேலை செய்பவரை இடைமறிக்க அவர் பயன்படுத்துவது அது. விவசாயிகள் முன்னால் சொல்லியிருந்தால் அவமதிப்பாகியிருக்கும். ஒரு தொடரைக் குறிக்கும்போது, அதை அவர் யாரிடம் எதற்காகச் சொல்கிறார் என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உரைக்கு மிக முக்கியமான இடம், யாராவது ஒரு 'நியர் மிஸ்', அதாவது மயிரிழையில் தவிர்ந்த விபத்து, பற்றிக் கூட்டத்தில் சொல்லும் தருணம். அப்போது உங்கள் மேலாளர் முதலில் அந்தத் தொழிலாளியைப் பற்றிக் கேட்கிறாரா, இயந்திரத்தைப் பற்றிக் கேட்கிறாரா, முந்தைய சம்பவம் ஒன்றை நினைவுகூர்கிறாரா என்று பாருங்கள். அந்த வரிசையையே உரையின் வரிசையாகக் கொள்ளலாம். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் அவர் பெயரை மட்டும் உரையில் சேர்க்காதீர்கள்.

நீளத்தையும் பதிவிலிருந்தே கணக்கிடலாம். என் மேலாளர் விளக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 95 சொற்கள் பேசினார். அப்படிப் பார்த்தால் எட்டு நிமிடத்துக்கு 760 சொற்கள். மேடையில் வேகம் குறையும், நிறுத்தங்களும் வரும் என்பதால் நான் 600க்கு மேல் எழுதமாட்டேன். உங்களவருக்கு நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் கிடைக்காதவையும் உண்டு. நன்றி சொல்வதையும் வருத்தம் தெரிவிப்பதையும் காலைக் கூட்டத்தில் கேட்க முடியாது. அதற்காகவும் சரிபார்ப்பதற்காகவும் பத்து நிமிடம் மட்டும் கேளுங்கள், காரில் போகும்போதாவது. வரைவை அவரே உரக்கப் படிக்கட்டும். நீங்கள் கையில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, அவர் தடுமாறும் இடத்தையும் தன்னையறியாமல் சொல்லை மாற்றும் இடத்தையும் குறியுங்கள். நான் 'விவசாயப் பெருமக்களே' என்று எழுதியிருந்தேன். அவர் "எல்லாருக்கும் வணக்கம்ங்க" என்று படித்துவிட்டு, மாற்றியதையே உணராமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார். நான் என் சொல்லை அடித்துவிட்டு அவருடையதை எழுதிக்கொண்டேன்.