‘நீ’ என்று எழுதினால் வாசகர் ஏன் விலகுகிறார்?

கேள்வி: “முழுக்க ‘நீ’ என்று அழைத்தே ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். ‘நீ மாலதியை வெறுக்கிறாய்’ என்ற வரி வந்ததும், ‘நான் யாரையும் வெறுக்கலையே’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் கேமில் இதே ‘நீ’ உறுத்துவதில்லையே. எப்படிச் சரிசெய்வது?”

பதில்: கேமில் முடிவெடுப்பது ஆடுபவர். 1980-ல் விற்பனைக்கு வந்த ஸோர்க், படமே இல்லாத, எழுத்தால் மட்டும் ஆன விளையாட்டு. வெள்ளை வீட்டுக்கு மேற்கே திறந்த வெளியில் நிற்கிறாய், முன்கதவில் பலகை அடித்திருக்கிறது, சின்னத் தபால் பெட்டி ஒன்று இருக்கிறது என்று அது தொடங்கும். உனக்குப் பயமா, ஆவலா என்று சொல்லாது. `open mailbox` என்று நீங்கள் தட்டச்சு செய்தால்தான் பெட்டி திறக்கும். உணர்ச்சியை விளையாட்டு உங்களிடமே விட்டுவிடுவதால் மறுக்க அங்கே எதுவும் இல்லை.

கதையில் வாசகருக்கு அந்த உரிமை கிடையாது. அதனால் அந்த ‘நீ’ தான் அல்ல, ஒரு குறிப்பிட்ட ஆள் என்று அவர் மெல்ல ஏற்க வேண்டும். இதை மிஷேல் புய்த்தோர் 1957-ல் வெளிவந்த ‘லா மொதிஃபிகாசியோன்’ என்ற பிரெஞ்சு நாவலில் செய்துகாட்டினார். பாரிசிலிருந்து ரோமுக்குப் போகும் ஒரு ரயில் பயணம்தான் கதை. முதல் வாக்கியத்தில் ‘நீங்கள்’ இடது காலைப் பித்தளைப் பள்ளத்தில் வைத்து, வலது தோளால் நகரும் கதவைத் தள்ளப் பார்க்கிறீர்கள். யாருடைய உடலும் செய்யக்கூடிய காரியம் அது, ஆகவே நாம் உள்ளே போய்விடுகிறோம். அந்தப் பயணியின் வேலை, மனைவி, ரோமில் இருக்கும் காதலி எல்லாம் அப்புறம்தான் நம்மீது ஏறுகின்றன. மனைவியை விட்டுவிடும் தீர்மானத்தோடு கிளம்பியவர் வழியில் மனம் மாறும்போது, அந்த ‘நீங்கள்’ அவரைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்பதுபோல் ஒலிக்கிறது. ‘அவர்’ என்று எழுதியிருந்தால் இந்தக் குற்றச்சாட்டுத் தொனி கிடைத்திருக்காது.

உங்கள் வரிக்கு வருவோம். ‘வெறுக்கிறாய்’ என்பதை எடுத்துவிட்டு, முதல் பத்தியில் உடல் செய்வதை மட்டும் எழுதுங்கள்: “மாலதியின் செருப்பு வாசலில் கிடக்கிறது. சாவியைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுவிட்டு, வந்த படியிலேயே இறங்குகிறாய்.” வெறுப்பை வாசகரே ஊகித்துக்கொள்வார். தானே ஊகித்ததோடு அவர் சண்டை போடமாட்டார். ‘நீ’யைத் திரும்பத் திரும்பப் போடவும் தேவையில்லை. ‘இறங்குகிறாய்’ என்ற விகுதியே போதும். எல்லா வரியிலும் ‘நீ’ நின்றால் விரல் நீட்டித் திட்டுவதுபோல் ஆகிவிடும்.

காலத்தையும் கவனியுங்கள். ‘இறங்கினாய், போனாய்’ என்று இறந்த காலத்தில் போனால், யாரோ ஒருவர் எழுதும் கடிதமாக அது மாறும். அப்போது சொல்வது யார் என்று வாசகர் தேட ஆரம்பிப்பார். அந்த ஆள் உங்கள் கதையில் இல்லையென்றால் நிகழ்காலத்திலேயே இருங்கள்.

வெறுப்பை வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் மாலதியையே பேசவிடுங்கள்: “என்னைக் கண்டாலே உனக்கு ஆகலைல்ல?” கதாபாத்திரம் வைக்கும் பழியை வாசகர் மறுக்கலாம், ஆனாலும் கதைக்கு உள்ளேயே நின்று மறுப்பார்.