இன்ஸ்டாவில் விற்கும் புடவைக்கு வெப்சைட் வேண்டுமா?

கேள்வி: வீட்டிலிருந்தே சின்னாளபட்டி சுங்குடிப் புடவைகளை இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். மாதம் 60, 70 புடவை போகிறது. வெப்சைட் இல்லாமல் தொழில் வளராது என்று ஒருவர் 45,000 ரூபாய் கேட்கிறார். கட்டாயம் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்துக்குச் சரக்கு வாங்கிப் போடுங்கள்.

சுங்குடியில் நிறைய ஒற்றைப் பீஸாகத்தான் வரும். அதை வெப்சைட்டில் ஏற்ற ஒவ்வொன்றுக்கும் நாலு படம், நீளம், பிளவுஸ் துணி உண்டா என்ற விவரம், விலை எல்லாம் பதிய வேண்டும். விற்றதும் எடுத்துவிடவும் வேண்டும். மறந்தால், இன்ஸ்டாவில் ஒருவரும் வெப்சைட்டில் இன்னொருவரும் ஒரே புடவைக்குப் பணம் கட்டியிருப்பார்கள். மேலும், உங்களிடம் வாங்குகிறவர்கள் தேடி வருகிறவர்கள் அல்ல. ரீலில் முந்தானையை விரித்துக் காட்டும்போது மனசு போய் வாங்குகிறவர்கள். புது வெப்சைட்டுக்குத் தானாக யாரும் வர மாட்டார்கள். விளம்பரத்துக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியிருக்கும். வெப்சைட் செய்கிறவர்கள் இதை முதலிலேயே சொல்வது அபூர்வம்.

எப்போது தேவைப்படும்? போன வாரத்து மெசேஜ்களைத் திறந்து பாருங்கள். "விலை என்ன?", "வேற கலர் இருக்கா?", "அனுப்பிட்டீங்களா?" என்பவையே பெரும்பாலும் இருந்து, நீங்கள் பதில் போடுவதற்குள் ஆட்கள் போய்விடுகிறார்கள் என்றால், உங்கள் கை போதவில்லை. அதோடு ஒரே டிசைனை ஐம்பது, நூறு என்று செய்து வாங்கி வைக்கும் நிலையும் வந்திருந்தால் வெப்சைட் போடலாம். ஒருமுறை ஏற்றிய பக்கம் மாதக்கணக்கில் விற்கும். இன்னொரு காரணம் பணம் வாங்குவது. உள்ளூருக்கு யுபிஐ போதும் (ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டே பார்சல் கட்டுங்கள்). சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து கார்டில் கட்டக் கேட்டால், அந்தப் பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் பேமென்ட் கேட்வே என்ற சேவை வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போது, பணம் திருப்பித் தருவது, பார்சல் அனுப்புவது பற்றிய விதிகளோடு ஒரு வெப்சைட் இருக்கிறதா என்றுதான் பெரும்பாலும் பார்ப்பார்கள்.

இப்போதே செய்ய வேண்டியது இரண்டு. கடைப் பெயரில் ஒரு டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, வாங்கி வையுங்கள். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ளோ சற்றுக் கூடவோ ஆகும். அதைத் தட்டினால் உங்கள் வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக் திறக்கும்படி வைத்தால் போதும். வாங்குவது உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும். செய்து தருகிறவர் தன் கணக்கில் வாங்கிவிட்டால், பின்னால் அவரை மாற்ற நினைக்கும்போது கடைப் பெயரே அவர் கையில் இருக்கும்.

இரண்டாவது, வாங்கியவர்களின் போன் நம்பரை ஒரு ஷீட்டில் எழுதி வாருங்கள். 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது அதை மட்டுமே நம்பி விற்றவர்களுக்கு, பின்தொடர்ந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்லக்கூட வழியில்லை. இன்ஸ்டா கணக்கை யாராவது ஹேக் செய்தாலும் இதே கதிதான். பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் டூ-ஃபேக்டர் ஆதென்டிகேஷனை இன்றே போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒருநாள் அந்த 45,000 ரூபாய் கேட்டவரிடமே வெப்சைட் செய்யக் கொடுப்பதானால், இரண்டாவது வருடத்திலிருந்து வருடா வருடம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.